வேலை வேறு ஊருக்கு மாறும்போது கம்பெனி எதற்கெல்லாம் காசு தரும், எதற்குத் தராது

இடமாற்ற உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் நடக்கிற பேச்சு பள்ளிக்கூடம், வாடகை, அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் போகும். அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு தாளில் இருக்கிற இரண்டு மூன்று சொற்கள்தான் அடுத்த மூன்று மாதம் உங்கள் கையிலிருந்து எவ்வளவு பணம் போகும் என்பதை முடிவு செய்கின்றன. கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன் அதை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது.

முதலில், மாற்றத்துக்கான காரணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "நிர்வாகத் தேவைக்காக" என்றோ "பணி நிமித்தம்" என்றோ இருந்தால் இடமாற்றப்படி உண்டு. "ஊழியரின் வேண்டுகோளின்படி" என்று இருந்தால் அரசு வேலையில் பயணப்படியும் கிடையாது, சேருவதற்கான கால அவகாசமும் கிடையாது. தனியார் நிறுவனங்களிலும் இதே வழக்கம்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மேலாளர் தொலைபேசியில் "புனேவில் ஆள் தேவைப்படுது, நீங்க போறீங்களா?" என்று கேட்பார். ஊழியர் "எனக்குச் சம்மதம், மாற்றித் தாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அந்த மின்னஞ்சலை இணைத்து வேண்டுகோள் மாற்றம் என்று ஹெச்.ஆர். உத்தரவு போட்டுவிடும். அதனால் பதில் எழுதும்போது, "தங்கள் தேவைக்காக நீங்கள் கேட்டுக்கொண்டபடி புனே கிளையில் சேரச் சம்மதிக்கிறேன், இடமாற்ற விதிகளின்படியான சலுகைகளை உத்தரவில் குறிப்பிட வேண்டுகிறேன்" என்று எழுதினால் போதும். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் விஷயம் பதிவாகிவிடும்.

தனியார் நிறுவனம் ஒன்று தருவது நியாயமான அளவா என்று எடைபோட, மத்திய அரசின் விதிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் 2017-ல் வந்த ஆணைப்படி, 20 கிலோமீட்டருக்கு மேல் மாற்றம் என்றால் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்தமாகக் கிடைக்கும். அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு போன்ற தீவுகளுக்குப் போனாலும் அங்கிருந்து வந்தாலும் 100 சதவீதம். இந்தத் தொகைக்குச் சில்லறை ரசீது எதுவும் கேட்கமாட்டார்கள். 20 கிலோமீட்டருக்குள் என்றால், உண்மையிலேயே வீடு மாறினால் மட்டும் இதில் மூன்றில் ஒரு பங்கு. இது போக, குடும்பத்துக்கான பயணக் கட்டணமும் சாமான் கொண்டுபோகும் செலவும் தனி. சாமானுக்குச் சம்பள நிலை 6-லிருந்து மேலே உள்ளவர்களுக்கு 6,000 கிலோ வரை, நிலை 5-க்கு 3,000 கிலோ, நிலை 4 வரை 1,500 கிலோ. லாரியில் அனுப்பினால் கிலோமீட்டருக்கு முறையே 50, 25, 15 ரூபாய் உச்சவரம்பு என்று அந்த ஆணை சொல்கிறது. அகவிலைப்படி ஒவ்வொரு முறை 50 சதவீதம் ஏறும்போதும் இந்த விகிதம் 25 சதவீதம் உயரும் என்ற விதியும் கூடவே இருக்கிறது. உச்சவரம்பு என்பதைக் கவனியுங்கள். உண்மையில் செலவானது அதைவிடக் குறைவு என்றால் செலவானது மட்டும்தான் கிடைக்கும்.

அரசு ஊழியருக்குச் சேரும் அவகாசமும் தூரத்தைப் பொறுத்தது. 1,000 கிலோமீட்டர் வரை 10 நாள், அதற்கு மேல் 12 நாள், 2,000-ஐத் தாண்டினால் 15 நாள், விமானத்தில் போனால் அதிகபட்சம் 12. தனியாரில் இவ்வளவு தாராளம் இருக்காது. மூன்று முதல் ஐந்து வேலைநாள் தந்தால் பெரிது. பேச்சுவார்த்தையில் பலரும் பணத்தைக் கேட்டு நாட்களை விட்டுவிடுகிறார்கள். நாட்கள் குறைந்தால் வீட்டை அவசரத்தில் பிடிக்க நேரும், அவசரத்தில் பிடித்த வீட்டுக்கு வாடகையும் கமிஷனும் அதிகமாகத்தான் போகும். ஆகவே நாளும் ஒரு வகையில் பணம்தான்.

இனி தனியார் நிறுவனத்தில் வழக்கமாக இருக்கும் ஒரு தொகுப்பை எடுத்து முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு மாற்றப்படும் ஒரு சர்வீஸ் இன்ஜினியர். மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான், ஒரு பைக். சாலை வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். அடிப்படைச் சம்பளம் மாதம் 45,000. கம்பெனி தருவதாகச் சொன்னது இவை: மூன்று கொட்டேஷனில் குறைந்ததன்படி 75,000 வரை சாமான் செலவு, பைக் அனுப்பும் செலவு, குடும்பத்துக்கு ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி. டிக்கெட், 15 நாள் தங்கும் இடம், ஒரு மாத வாடகை அளவுக்குப் புரோக்கர் கமிஷன், மொத்தத் தொகையாக ஒரு மாத அடிப்படைச் சம்பளம் 45,000.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல தொகுப்புதான். எங்கே இடிக்கிறது என்பது ஒவ்வொரு தலைப்பாக உள்ளே போனால்தான் தெரியும்.

சாமான் கொட்டேஷன்

பேக்கர்ஸ் மூவர்ஸ் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கச் சொல்வது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறை. இதில் முதல் ஆள் 48,000 என்கிறார், இரண்டாவது ஆள் 61,000, மூன்றாவது ஆள் 70,000. கணக்குப் பிரிவு கண்ணை மூடிக்கொண்டு 48,000-ஐத் தேர்ந்தெடுக்கும். ஆனால் முதல் ஆளின் தாளில் கீழே சின்ன எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி, இன்ஷூரன்ஸ் தனி" என்று இருக்கிறது. பேக்கிங், ஏற்றுதல், லாரி, இறக்குதல் எல்லாம் சேர்ந்த பில்லுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார்கள், அது 8,640. சாமானின் மதிப்பு நான்கு லட்சம் என்று எழுதிக்கொடுத்தால் அதில் 3 சதவீதம் இன்ஷூரன்ஸ் என்று 12,000. ஆகமொத்தம் 68,640. இரண்டாவது ஆளின் 61,000-க்குள் வரியும் இன்ஷூரன்ஸும் அடக்கம். உண்மையில் குறைந்த கொட்டேஷன் அதுதான்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி உண்டு. மூன்று பேருக்கும் ஒரே சாமான் பட்டியலைக் கொடுத்து, ஒரே வடிவில் விலை கேளுங்கள். எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு, லிஃப்ட் உண்டா, லாரி வாசல் வரை வருமா, சாமான் தனி லாரியிலா அல்லது மற்றவர்களின் சாமானோடு சேர்த்தா, வரி, இன்ஷூரன்ஸ், ஏ.சி. கழற்றும் கூலி எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். சேர்ந்து போகும் லாரி மலிவு. ஆனால் நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவார்கள். பெட்டி காணாமல் போவதும் மூலை உடைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. நான்கு நாளில் வரும் என்ற சாமான் ஒன்பதாம் நாள் வந்து நிற்பதற்கும் அதுவே காரணம். நேரில் வந்து பார்க்காமல் போனிலேயே விலை சொல்கிறவர், சாமான் ஏற்றும் அன்று "இவ்வளவு இருக்கும்னு நீங்க சொல்லலையே" என்று கூடுதலாகக் கேட்பார். லாரியில் பாதி ஏற்றியபிறகு கேட்டால் மறுக்க முடியாது. வீடியோ அழைப்பிலாவது வீடு முழுவதையும், பரண் உட்பட, காட்டிவிட்டுத்தான் விலையை உறுதி செய்ய வேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்று பேக்கர்ஸ் வாங்கும் 3 சதவீதம் பல இடங்களில் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போவதில்லை. அவர்களே வைத்துக்கொண்டு, உடைந்தால் ஏதோ கொஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். உங்கள் பெயரோ கம்பெனி பெயரோ போட்ட இன்ஷூரன்ஸ் சான்றிதழ், அதில் பாலிசி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், மதிப்பு இவை இருந்தால்தான் அது இன்ஷூரன்ஸ். இல்லையென்றால், சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன் கீழ் வந்த விதிகளின்படி லாரிக்காரரின் பொறுப்பு பொதுவாகச் செலுத்திய லாரி வாடகையின் பத்து மடங்குக்குள்தான். அதைவிட அதிக மதிப்பு வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். நகை, பணம், சொத்துப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் பொதுவாக இந்தப் பாலிசிகளில் வராது. கையோடு கொண்டுபோக வேண்டியவை அவை. சாமான் வந்து இறங்கும்போது டெலிவரி தாளில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க நேரமிருக்காது. "பெட்டிகள் திறந்து பார்க்கப்படவில்லை, வாஷிங் மெஷின் பின்பக்கம் நசுங்கியுள்ளது" என்று பார்த்ததை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போன கிளைம்கள் ஏராளம்.

லாரியில் ஏற்றக்கூடாதது கேஸ் சிலிண்டர். காலி சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அவர்கள் தரும் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய ஊரில் அதைக் காட்டி, அன்றைய விகிதத்தில் டெபாசிட் கட்டி இணைப்பு எடுக்கலாம். பைக்கில் பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி அமிலம் உள்ளது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் ஈ-வே பில் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குத் தேவையில்லை. இதை அறியாமல், "ஈ-வே பில் போடணும், மூவாயிரம் கொடுங்க" என்று கேட்கும் ஆட்கள் உண்டு. இடமாற்ற உத்தரவின் நகலும் "பயன்படுத்திய வீட்டுப் பொருட்கள்" என்ற உங்கள் கையெழுத்துள்ள பட்டியலும் லாரியில் இருந்தால் போதும்.

பில் எப்படி இருக்க வேண்டும்

காசு கொடுத்து முடித்தபின், கணக்குப் பிரிவு கிளைமைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் தாள்களில் உள்ள குறையால்தான். கொட்டேஷன் மூன்று, ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில், லாரி ரசீது என்கிற எல்.ஆர்., சாமான் பட்டியல், இன்ஷூரன்ஸ் சான்றிதழ், வங்கி வழியாகப் பணம் போனதற்கான ஆதாரம். இதில் எல்.ஆர். முக்கியம். அதில் வண்டி எண், ஏற்றிய தேதி, இறக்கிய தேதி, எடை இருக்க வேண்டும். தேதி, உத்தரவின் தேதிக்கு முன்னால் இருந்தால் கேள்வி வரும்.

வீட்டுச் சாமானைக் கொஞ்சமாக ரயிலில் அனுப்பிவிட்டு, முழு வரம்புக்கும் பில் தயார் செய்து தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்ட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். தணிக்கையாளர் வண்டி எண்ணை அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் போட்டால் அது லாரியா, ஸ்கூட்டரா என்று ஒரு நொடியில் தெரியும். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண் ரத்தானதா என்பதும் அப்படியே. பொதுத்துறை வங்கிகளில் கண்காணிப்புப் பிரிவு பழைய பயணப்படி பில்களை வருடங்கள் கழித்தும் எடுத்துப் பார்க்கும். இருபதாயிரம் ரூபாய்க்காக ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கி, பதவி உயர்வை இழப்பவர்களின் நிலை பார்க்கவே வேதனையாக இருக்கும்.

முடியுமானால் பேக்கர்ஸ் பில்லைக் கம்பெனி பெயரிலேயே போடச்சொல்லி, கம்பெனியே நேரடியாகக் கட்டும்படி கேளுங்கள். உங்கள் கைக்காசு முடங்காது. வரிப் பேச்சும் எளிதாகும்.

வரி எங்கே வருகிறது

இடமாற்றத்துக்கான பயணம், பேக்கிங், சாமான் கொண்டுபோவது இவற்றுக்காகத் தரும் படிக்கு, உண்மையில் செலவான அளவுக்கு வருமான வரி கிடையாது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இது பிரிவு 10(14), விதி 2பிபி-யில் இருந்தது. பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் இந்தச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புதிய முறைக்கு மாறிவிட்டோம், இனி எந்தக் கழிவும் இல்லை என்று நினைத்து ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மாற்றத்தின்போது மொத்தம் 15 நாள் வரை கம்பெனி ஹோட்டலில் தங்க வைத்தால் அதன் மதிப்பும் சம்பளத்தோடு கிடைத்த சலுகை என்று உங்கள் வருமானத்தில் சேராது. 15 நாளைத் தாண்டினால் சேரும்.

நம் இன்ஜினியர் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி நேராகக் கட்டிய 61,000-க்கும் பைக்குக்கும் டிக்கெட்டுக்கும் வரி இல்லை. மொத்தமாகத் தந்த 45,000-தான் சிக்கல். அதில் ஏ.சி. கழற்றி மாட்டியது, உள்ளூர் வேன், பேக்கிங் பொருள் என்று ரசீதோடு காட்ட முடிந்தது 11,000. மீதி 34,000 சம்பளமாகவே எடுத்துக்கொள்ளப்படும். புரோக்கர் கமிஷன் 24,000-ஐயும் பெரும்பாலான சம்பளப் பிரிவுகள் பயணமும் அல்ல, சாமான் கொண்டுபோவதும் அல்ல என்று வரிக்குள் சேர்த்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து 58,000. அவர் 20 சதவீத வரம்பில் இருந்தால், 4 சதவீதக் கூடுதல் தீர்வையோடு 20.8 சதவீதம், அதாவது 12,064 அவர் சம்பளத்திலிருந்து பிடிபடும். 45,000 வந்ததாக நினைத்தவருக்கு உண்மையில் வந்தது 32,936.

ஆகவே மொத்தத் தொகையைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்பதைவிட, அதே பணத்தைச் செலவு ஈடாக மாற்றித் தாருங்கள் என்று கேட்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கம்பெனிக்கு ஒரு ரூபாயும் கூடாது, உங்களுக்கு வரி மிச்சம். பட்ஜெட் தாண்டாத கோரிக்கை என்பதால் ஹெச்.ஆர். ஒப்புக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

யாரும் தராத செலவுகள்

கணக்கைத் தொடர்வோம். புனேவில் வீடு 24,000 வாடகைக்குக் கிடைத்தது. அட்வான்ஸ் இரண்டு மாதம், 48,000. இதைக் கம்பெனி தராது, ஏனென்றால் திரும்ப வரும் பணம். ஆனால் வட்டியில்லாக் கடனாகத் தந்து, பத்து மாதத்தில் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். கோவை வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரும், ஆனால் வீட்டைக் காலி செய்து, ஓனர் பார்த்து, பெயிண்டுக்குப் பிடித்துக்கொண்டபின்தான் வரும். புனே அட்வான்ஸ் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளிக்கு நாற்பது ஐம்பதாயிரம் கையில் வேண்டும்.

உண்மையில் அடிக்கிற அடி இரட்டை வாடகை. கோவை வீட்டுக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று ஒப்பந்தம். உத்தரவோ பத்து நாளில் சேரச் சொல்கிறது. ஓனர் ஒரு மாத வாடகை 14,000-ஐப் பிடித்துக்கொண்டார். பெயிண்டுக்கு 8,000. தங்கும் இடம் 15 நாள், ஆனால் வீட்டுச் சாவி கிடைத்தது பத்தொன்பதாம் நாள். நான்கு நாள் ஹோட்டல் 8,800 அவர் கையிலிருந்து. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக் கட்டணம் 40,000. ஆண்டின் நடுவில் சேர்த்தாலும் முழுக் கட்டணம் கேட்கும் பள்ளிகள்தான் அதிகம். ரசீது காட்டிய 11,000-ஐயும் சேர்த்தால் 81,800. வரி போக வந்த 32,936-ஐக் கழித்தால் கிட்டத்தட்ட 49,000 அவர் சொந்தப் பணம், முடங்கிய அட்வான்ஸ் தனி. "எல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்று நம்பிப் போனவருக்கு இது பெரிய தொகை.

இதில் எதை மாற்றியிருக்க முடியும்? நோட்டீஸ் காலத்து வாடகை என்று ஒரு தலைப்பை உத்தரவிலேயே சேர்க்கக் கேட்கலாம். ஓனரிடம் கையெழுத்து வாங்கினால் அதற்கு ஆதாரமும் ரெடி. சேரும் தேதியை 20 நாள் தள்ளக் கேட்டால் நோட்டீஸ் வாடகையின் பெரும்பகுதி மிச்சமாகும், கம்பெனிக்கும் பணச்செலவில்லை. குடும்பத்தைப் பள்ளியாண்டு முடிந்து அழைத்துக்கொள்கிறேன், டிக்கெட்டையும் சாமான் செலவையும் அப்போது தாருங்கள் என்று கேட்பது இன்னொரு வழி. மத்திய அரசில் குடும்பம் ஊழியருக்கு ஒரு மாதம் முன்னாலோ ஆறு மாதம் வரை பின்னாலோ போகலாம் என்று விதியே இருக்கிறது. தனியாரில் "60 நாளுக்குள் குடும்பம் மாற வேண்டும்" என்று வரி இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அதை ஆறு மாதமாக்கிக் கொள்ள வேண்டும். பின்னால் சலுகையாகக் கேட்டால் கிடைப்பது கடினம்.

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 11 மாத ஒப்பந்தமானாலும் அப்படித்தான், நம் ஊரில்போல ஸ்டாம்ப் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது அங்கே செல்லாது. மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000, ஸ்டாம்ப் செலவு தனி. பல இடங்களில் ஹவுசிங் சொசைட்டியின் அனுமதிக் கடிதமும் வாடகைதாரர் பற்றிய போலீஸ் பதிவும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கவிடாத சொசைட்டிகளும் உண்டு. லாரி சனி மாலை வந்து சேர்ந்தால் திங்கள் வரை காத்திருப்புக் கட்டணம் உங்கள் தலையில் விழும். சொசைட்டி செயலாளரிடம் நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் லாரியைக் கிளப்ப வேண்டும். கம்பெனியில் புரோக்கர் கமிஷன் கேட்கும்போதும் இந்தப் பதிவு ஒப்பந்தத்தைத்தான் ஆதாரமாகக் கேட்பார்கள்.

வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஊரை விட்டுப் போனபின் இதற்காகத் திரும்ப வருவது பெரும் அலைச்சல். நீண்டகால மாற்றம் என்றால் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வண்டிக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். புதிய மாநிலத்தில் கட்டும் சாலை வரியைக் கம்பெனிகள் அரிதாகவே தருகின்றன. பைக்குக்குச் சின்னத் தொகை, காருக்குக் கணிசமாக வரும். கம்பெனிக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருந்தால், புதிதாக வாங்கும் சொந்த வண்டிக்கு, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.ஹெச். வரிசை எண் எடுக்கலாம். அடிக்கடி மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு அது உண்மையில் உதவும்.

காலக்கெடுவும் திரும்பப் பிடித்தலும்

பயணப்படி பில்லை எப்போது கொடுக்க வேண்டும் என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். மத்திய அரசில் 2018-லிருந்து பயணம் முடிந்த 60 நாளுக்குள். தனியாரில் 30 நாள், 45 நாள் என்று இருக்கும். புதிய ஊரில் முதல் மாதம் வீடு, பள்ளி, புது வேலை என்று ஓடிவிடும். பெட்டிக்குள் போன ரசீதைத் தேடி எடுக்கும்போது கெடு முடிந்திருக்கும். ஒவ்வொரு ரசீதையும் வாங்கிய அன்றே போனில் படமெடுத்து, ஹெச்.ஆர்.-க்குப் போகும் ஒரே மின்னஞ்சல் இழையில் போட்டு வையுங்கள். குடும்பம் பின்னால் வருவதாக இருந்தால் உங்கள் பகுதி கிளைமை முதலில் கொடுத்துவிட்டு, "குடும்பப் பயணமும் சாமானும் பின்னர்" என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு கிளைமோடு கணக்கை முடித்துவிடுவார்கள். முன்பணம் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கெடுவுக்குள் பில் வராவிட்டால் முழு முன்பணத்தையும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, பெரும்பாலான தனியார் உத்தரவுகளில் "சேர்ந்த 12 மாதத்துக்குள் விலகினால் இடமாற்றச் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அதில் மூன்று விஷயம் எழுத்தில் தெளிவாக வேண்டும். பத்து மாதம் வேலை செய்தபின் போனால் முழுத் தொகையா, மீதியுள்ள இரண்டு மாதத்துக்கான பங்கு மட்டுமா? கம்பெனியே ஆளை விலக்கினாலோ கிளையை மூடினாலோ இது பொருந்துமா? பிடிப்பது வரிக்கு முந்தைய தொகையா, உங்கள் கைக்கு வந்த தொகையா? நம் கணக்கிலேயே பாருங்கள்: 45,000 என்று எழுதி, கைக்கு வந்தது 32,936 என்றால், எதைத் திருப்பிக் கட்டுவது? வேறு நிதியாண்டில் திருப்பிக் கட்டினால் முன்பு பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது எளிதில் முடிகிற வேலை அல்ல. மாதக் கணக்கில் விகிதாசாரமாக, ஊழியர் தானாக விலகினால் மட்டும், கைக்கு வந்த தொகை அளவுக்கு என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். சேருவதற்கு முன் கேட்டால் ஹெச்.ஆர். பெரும்பாலும் மறுப்பதில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தபின் இதைப் பேச யாரும் தயாராக இருக்கமாட்டார்கள்.